பந்தி, ஸ்டோர் ரூம், மழை: அனிமேஷன் காட்சிக்குச் சூழல் ஒலியை அடுக்குவது

கேமரா வைத்து எடுக்கும் படத்தில் நடிகர் வாயைத் திறக்காத நேரத்திலும் மைக் எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்கும். ஃபேன் சத்தம், தெருச் சத்தம், அந்த அறைக்கே உரிய ஒரு மெல்லிய இரைச்சல் எல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்துவிடும். அனிமேஷனில் அப்படி இலவசமாக எதுவும் வராது. கையில் இருப்பது டப்பிங் அறையில், நுரை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே பதிவான குரல் மட்டும்தான். அதை நேராகப் படத்தோடு ஒட்டினால் வசனம் வரும்போது ஒரு மனிதர் இருக்கிறார், வசனம் முடிந்ததும் உலகமே அணைந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு இது "சத்தம் குறைவாக இருக்கிறது" என்று தோன்றாது, "வரைந்தது சரியில்லை, ஏதோ பொம்மை மாதிரி இருக்கிறது" என்றுதான் தோன்றும். அதனால் பலர் மறுபடி படத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் முழு நீளத்துக்கும் இசையைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய மூன்று அடுக்குகள் போதும்: அறையின் ஒலி (ரூம் டோன் என்போம்), கூட்டத்தின் சலசலப்பு, அப்புறம் வானிலை. ஆனால் மூன்று ஃபைலை இறக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மூன்று ஃபைல் ஓடுவது போலத்தான் கேட்கும். ஒன்று மாறும்போது இன்னொன்றும் அதனால் மாறினால்தான் அது ஓர் இடமாகிறது. அது எப்படி என்று ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம்.

காட்சி 45 விநாடி. சின்ன ஊரில் ஒரு கல்யாண மண்டபம், தகர ஷீட் போட்ட சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி நடக்கிறது. முதல் 12 விநாடி கூடம் முழுக்கத் தெரிகிற அகலமான ஷாட். ஒரு சிறுமி அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். அங்கே அரிசி மூட்டை மேல் அவளுடைய அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பத்தா, நீ ஏன் இங்க வந்து உக்காந்துருக்க?"

"அந்தச் சத்தம் காதுக்கு ஆகல தாயி."

இருவரும் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். இதற்கிடையே வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. 35 ஆவது விநாடியில் சிறுமி கொல்லைப்பக்கக் கதவைத் திறந்து மழையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை.

முதலில் ஸ்டோர் ரூமிலிருந்து தொடங்குங்கள், கூடத்திலிருந்து அல்ல. கூடத்தில் சத்தம் நிறைய இருப்பதால் தவறு மறைந்துவிடும். அமைதியான அறையில்தான் எல்லாம் வெளியே தெரியும். அந்த அறையில் என்ன ஒலிக்கும் என்று யோசியுங்கள்: பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒன்று, ஒரு சீலிங் ஃபேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக்கின் ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். வெளிநாட்டு ஒலி நூலகத்தில் கிடைக்கும் டியூப் லைட் சத்தம் அமெரிக்காவில் எடுத்ததாக இருந்தால் 120 இல் இருக்கும். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கண்டுபிடிக்கப் போவதில்லைதான், ஆனால் இதே அளவுள்ள ஒரு நிஜ அறைக்குப் போய் ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு வருவது இணையத்தில் தேடுவதைவிடச் சுலபமான வேலை என்பதால் சொல்கிறேன். பதிவு செய்யும்போது யாரும் அசையக் கூடாது, செருப்பு உரசக் கூடாது, பதிவு செய்கிறவர் மூச்சுகூட மைக்குக்குக் கிட்டே படக் கூடாது. போனில் எடுத்தால் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும், இரைச்சலை நீக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல்தான் நமக்கு வேண்டியதே.

அந்தப் பதிவை ஸ்டோர் ரூம் ஷாட் முழுக்க, வசனத்துக்கு அடியிலும் சேர்த்து, இடைவெளியே இல்லாமல் ஓட விடுங்கள். வசனம் வரும் இடத்தில் நிறுத்தி, வசனம் முடிந்ததும் மறுபடி ஏற்றுவது நிறையப் பேர் செய்யும் தவறு. டப்பிங் அறையின் மெல்லிய இரைச்சல் ஒவ்வொரு வசனத்தோடும் வந்து வசனத்தோடே போகும், அந்த வருகையையும் போக்கையும் மூடி மறைப்பதுதான் ரூம் டோனின் முதல் வேலை. எவ்வளவு சத்தம் வைப்பது? டிஜிட்டல் மீட்டரில் 0 தான் உச்சம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில் போகும். வசனத்தின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தால் ரூம் டோன் மைனஸ் 50 சுற்றுவட்டாரத்தில் எங்காவது அமையும். எண்ணை நம்புவதைவிட இப்படிச் செய்யுங்கள்: ஹெட்போனில் கேட்டபடி, "இதோ கேட்கிறது" என்று தோன்றும்வரை மெல்ல ஏற்றி, அங்கிருந்து ஒரு 3 டெசிபல் இறக்குங்கள். ஓடும்போது கவனத்தில் வரக் கூடாது, அந்த டிராக்கைச் சட்டென்று மியூட் செய்தால் மட்டும் அறை காணாமல் போனது தெரிய வேண்டும்.

கூடவே, குரலுக்கும் அந்த அறையைக் கொஞ்சம் பூச வேண்டும். 0.3, 0.4 விநாடி அளவுக்குக் குட்டையான ரிவர்ப், அதாவது செயற்கை எதிரொலி, ஒன்றை மிகக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். மூட்டைகள் நிறைந்த அறை என்பதால் எதிரொலி அதிகம் இருக்காது, சாக்கு எல்லாம் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். இதைச் செய்யாமல் ரூம் டோனை மட்டும் போட்டால் ஒரு அறையின் படத்துக்கு முன்னால் இருவர் மைக்கில் பேசுவது போலவே இருக்கும்.

சரி, இப்போது கூட்டம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

இணையத்தில் "கூட்டச் சத்தம்" என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாத அளவுக்கு மங்கலாக வைத்தாலும் அது நம் ஊர்ப் பந்தி இல்லை என்று காது சொல்லிவிடும், ஏனென்றால் சொல் புரியாவிட்டாலும் பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் கேட்கத்தான் செய்கின்றன. ஆகவே நீங்களே பதிவு செய்யுங்கள். ஆறு பேர் போதும். நாற்பது பேர் சத்தம் வேண்டும் என்றால் அந்த ஆறு பேரையும் ஏழு தடவை பேச வைத்து ஒன்றன்மேல் ஒன்று போடலாம், ஒவ்வொரு தடவையும் இடம் மாறி நிற்கச் சொல்லி, சிலரை மைக்குக்கு முதுகு காட்டச் சொல்லி. சும்மா வாயை அசைத்து முணுமுணுக்கச் சொல்லாதீர்கள். "மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், மொய் எவ்வளவு வைக்கலாம், பஸ் எத்தனை மணிக்கு" என்று தலைப்புக் கொடுத்து நிஜமாகவே பேசவிடுங்கள். ஒரே வயசு ஆண்களாக நண்பர் கூட்டத்தைக் கூட்டி வைத்துப் பதிவு செய்தால் கல்லூரி விடுதி மெஸ் மாதிரி ஒலிக்கும், அதனால் பெண்கள், வயதானவர்கள், ஒன்றிரண்டு குழந்தைகள் கட்டாயம் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பதும் ஒரே நேரத்தில் ஓய்வதும் வேண்டாம், அந்த இடம் காதில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இந்தச் சலசலப்பை மூன்று தூரமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பது வெறும் அலை, அதில் ஒரு சொல்லும் பிரிந்து கேட்காது. நடுவில் இருப்பதில் பேச்சு தமிழ் என்று தெரியும், என்ன பேச்சு என்று தெரியாது. பக்கத்தில் இருப்பது ஒற்றை ஒற்றையான துணுக்குகள்: "சாம்பார் இந்தப் பக்கம்", "தம்பி, தண்ணி", ஒரு வாளியில் கரண்டி இடிப்பது, ஒரு இரும்பு நாற்காலி தரையில் தேய்வது. முதல் இரண்டையும் ஒரே சீராக ஓட விட்டு, மூன்றாவதைக் கையால் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்.

அனிமேஷனுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. பெரும்பாலான சின்னப் படங்களில் பின்னணிக் கூட்டம் அசையாத ஓவியம்தான், பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ மட்டும் லேசாக அசைவார்கள். தூர அலையும் நடு அலையும் அந்த ஓவியத்துக்கு உயிர் கொடுக்கும், ஏனென்றால் யார் பேசுகிறார் என்று தேட அதில் எதுவும் இல்லை. "தம்பி, தண்ணி" என்று தெளிவாக ஒரு குரல் கேட்டதும் பார்ப்பவரின் கண் அந்த வாயைத் தேடும். தேடினால் அங்கே யாருக்கும் வாய் அசையாது, அதுவரை உறுத்தாத அந்த ஓவியம் அப்போதுதான் ஓவியமாகத் தெரியும். ஆகவே பக்கத்துத் துணுக்குகள் எல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே இருந்து வரட்டும், இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ தள்ளி வையுங்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு: படத்தில் வரையாத கூடத்தின் மீதிப் பாதியை ஒலியே கட்டிக் கொடுத்துவிடும்.

கூடத்தில் சுவரும் தரையும் கெட்டி, மேலே தகரம். அதனால் ஒரு 1.5 முதல் 2 விநாடி ரிவர்ப் கொடுக்கலாம். தூர அலைக்கு நிறைய, நடு அலைக்குக் கொஞ்சம், பக்கத்துத் துணுக்குகளுக்குப் பெயருக்கு. தூரம் என்பது சத்தக் குறைவு மட்டுமல்ல, நேரடி ஒலியைவிட எதிரொலி அதிகமாகக் கேட்பதும்தான். வால்யூமை மட்டும் இறக்கினால் தூரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருந்தபடி ரகசியம் பேசுவது போல் ஆகிவிடும்.

12 ஆவது விநாடியில் கதவு சாத்தப்படுகிறது. இந்த ஒரு நொடி சரியாக வந்தால் காட்சியில் பாதி வேலை முடிந்த மாதிரி. கூடத்தின் ஒலியை நிறுத்தவே கூடாது, அது கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கனமான எந்தத் தடுப்பும் மேல் அலைவரிசைகளைத்தான் அதிகம் தடுக்கும், கீழ் அலைவரிசைகள் ஊடுருவி வந்துவிடும். எனவே கூடத்தின் எல்லா டிராக்கையும் ஒரே குழுவாக்கி, அந்தக் குழுவின் மேல், மேல் அலைவரிசைகளை வெட்டும் ஒரு லோ பாஸ் ஃபில்டரை வைத்து, கதவு மூடும் வேகத்திலேயே அதை இறக்குங்கள். கதவு சாத்த 10 ஃப்ரேம் எடுக்கிறது என்றால் ஃபில்டரும் அந்த 10 ஃப்ரேமில்தான் 600 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து சேர வேண்டும், கூடவே வால்யூம் ஒரு 12 டெசிபல் குறைய வேண்டும், தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு எல்லாம் முடிய வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் யாரோ பொத்தானை அழுத்தியது போல இருக்கும்.

இதோடு விட்டால் கதவு கல்லறைக் கதவு மாதிரி இறுக்கமாகக் கேட்கும். மண்டபத்து ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்குமே, அது எங்கே? கூடத்தின் ஒலியை இன்னொரு பிரதி எடுத்து, அதில் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் வெட்டிவிட்டு, மிக மிக மெல்லியதாக, கதவு படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். அதுதான் கதவிடுக்கு வழியாக வரும் ஒலி. கரண்டிச் சத்தம் மட்டும் அவ்வப்போது அதில் மினுங்கும். இந்த அடுக்கு எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு சின்ன வேலைக்கு அவ்வளவு பலன். ஃபில்டர், ரிவர்ப் இவற்றின் வரிசையையும் கவனியுங்கள்: ஒலி முதலில் கூடத்தில் எதிரொலித்து, அப்புறம் கதவைத் தாண்டி, கடைசியில்தான் ஸ்டோர் ரூமுக்கு வருகிறது. ஆகவே கூடத்து ரிவர்ப் முதலில், கதவு ஃபில்டர் அடுத்து, ஸ்டோர் ரூமின் குட்டி ரிவர்ப் கடைசி. மாற்றிப் போட்டால் கதவு சாத்திய பிறகும் ஓரிரு விநாடி கூடத்தின் எதிரொலி மங்காமல் கதவுக்கு இந்தப் பக்கம், அரிசி மூட்டைக்கு நடுவே கேட்கும்.

வானிலைக்கு வருவோம். மழைக்கென்று தனிச் சத்தம் கிடையாது. அது எதன்மேல் விழுகிறதோ அதன் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. "பலத்த மழை" என்று ஒரே ஃபைலாக எடுத்துப் போட்டால், ஆயிரக்கணக்கான துளிகள் கலந்து, சேனல் கிடைக்காத பழைய டிவியின் இரைச்சல் மாதிரிதான் ஒலிக்கும். நம் காட்சியில் மழை மூன்று இடத்தில் விழுகிறது. கூடத்தின் தகர ஷீட் மேல் ஒரு பெரிய, கனமான அதிர்வு. கொல்லைப்புறத்து மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் ஒரு மென்மையான இரைச்சல். கூரை ஓரத்திலிருந்து சிமென்டுத் தரையில் சொட்டுவது தனித்தனியாக, எண்ணக்கூடிய சத்தம். ஸ்டோர் ரூமுக்குக் கான்கிரீட் கூரை என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் எதுவும் கேட்காது, மழை கூடம் வழியாகத்தான் வந்து சேரும். அதாவது தகர ஷீட் டிராக்கை அதே கூடக் குழுவுக்குள் போட வேண்டும், கதவு ஃபில்டர் அதற்கும் பொருந்தும். மழையைத் தனி டிராக்காக எல்லாவற்றுக்கும் மேலே போடுவதுதான் வழக்கமான தவறு, அப்படிப் போட்டால் கதவு சாத்தியிருந்தும் மழை மட்டும் அறைக்குள் பெய்யும்.

20 ஆவது விநாடியில் மழை தொடங்கட்டும். முதலில் தகரத்தில் தனித்தனியாக நாலைந்து துளி, ஒரு 4 விநாடிக்குள் அது அடர்ந்து முழு இரைச்சலாகட்டும். இப்போது ஒரு கேள்வி. தகரக் கூரையில் அவ்வளவு மழை கொட்டினால் கீழே சாப்பிடுகிறவர்கள் முன்பு போலவே பேசிக்கொண்டிருப்பார்களா? இல்லை. முதல் துளிகளுக்குப் பேச்சு ஒரு நொடி தணியும், சிலர் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் எல்லார் குரலும் உயரும். சுற்றிச் சத்தம் கூடும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை பிரெஞ்சு காது மருத்துவர் எட்டியன் லோம்பார் 1911 இல் எழுதிவைத்தார், இன்றும் லோம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். அப்படி உயர்ந்த குரலில் சத்தம் மட்டும் கூடுவதில்லை, சுருதியும் ஏறும், உயிரொலிகள் நீளும். அதனால் பழைய சலசலப்பின் வால்யூமை ஏற்றி இதைச் செய்ய முடியாது, பதிவின்போதே அந்த ஆறு பேரிடமும் உரக்கப் பேசும் ஒரு சுற்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். (ஒரு தந்திரம்: அவர்களுக்கு ஹெட்போனில் மழைச் சத்தத்தைப் போட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள், தானாகவே குரல் ஏறும்.) மழை அடர்ந்த ஒரு விநாடி கழித்து முதல் பதிவு மெல்ல இறங்க, இரண்டாவது 3 விநாடியில் ஏறட்டும். கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மங்கலாகக் கேட்டாலும் அந்த மாற்றம் தெரியும். மழையும் கூட்டமும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று காது ஒப்புக்கொள்வது இங்கேதான்.

35 ஆவது விநாடியில் கொல்லைக் கதவு திறக்கும்போது கூடத்தின் மங்கல் ஒலி அப்படியே பின்னால் இருக்க, மண்ணில் விழும் மழையும் கூரைச் சொட்டும் ஃபில்டர் எதுவும் இல்லாமல் முன்னால் வர வேண்டும். ரூம் டோன் இந்த நேரத்தில் மழைக்குள் மறைந்துபோகும், ஆனாலும் டிராக்கை நிறுத்தாதீர்கள். மின்னல் வரைந்திருந்தால் இடியை அதே ஃப்ரேமில் வைக்க வேண்டாம், ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். தொலைவு கூடக்கூட இடியின் வெடிப்பு போய் உருளல் மட்டும் மிஞ்சும்.

சிறுமி கதவருகே நின்று ஏதாவது சொன்னால் அது மழைக்குள் மூழ்கும், ஏனென்றால் மழையின் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது, மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கத் தேவையான 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. வசனத்தை ஏற்றாதீர்கள். மழை டிராக்கில் அந்தப் பகுதியை, குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வைத்து அகலமாக 3, 4 டெசிபல் குறையுங்கள். மழை குறைந்ததாகத் தெரியாது, "த", "ச", "க" எல்லாம் மேலே வந்துவிடும். ஒரு சொட்டுச் சத்தம் ஒரு சொல்லின் மேல் விழுந்தால் அதை நகர்த்தி இரண்டு சொல்லுக்கு நடுவே வையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு இசையை மியூட் செய்துவிட்டு மூன்று விதமாகக் கேளுங்கள். ஒன்று, திரையை அணைத்துவிட்டு: இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம், கதவு எப்போது மூடியது, மழை எப்போது பிடித்தது என்று காதால் மட்டும் சொல்ல முடிகிறதா? இரண்டு, ஒவ்வொரு டிராக்காக மியூட் செய்து: ஒன்றை அணைத்தும் எதுவும் மாறவில்லை என்றால் அந்த அடுக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள். மூன்று, போன் ஸ்பீக்கரில், சத்தம் குறைத்து. நிறையப் பேர் பார்க்கப் போவது அதில்தான். போன் ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது, அதனால் கதவுக்கு அந்தப் பக்கத்து மங்கல் சலசலப்பில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். கதவிடுக்கு அடுக்கு மட்டும் அங்கேயும் கேட்கும். அதுவும் கேட்கவில்லை என்றால் ஒரு 2 டெசிபல் ஏற்றுங்கள், ஃபில்டரை 600 இலிருந்து 900 க்கு நகர்த்திப் பாருங்கள், பிறகு ஹெட்போனுக்குத் திரும்பி வந்து கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.